கூடுதல் நூற்று எழுபத்திரண்டு கிலோ

பணி ஓய்வு பெற்றவனுக்குச் சம்பளம் தர ஊரில் ஓர் ஆள் கிடையாது. வேலை தர மட்டும் போடி பஸ் நிலையம் வரை வரிசை நிற்கும். அந்த வரிசையில் முதல் ஆள் பால்சாமி முதலாளி. அவருடைய ஏலக்காய்க் கடையில் நான் கணக்குப் பார்த்துத் தலை நரைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும், சரக்கு எண்ண வேண்டிய போதெல்லாம் ஜீப் என் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. சட்டையைப் போடுவதற்குள் ஜீப்பில் ஏறி, சட்டையை ஜீப்பில் போட்டுக்கொள்கிற ஆள் நான்.

இந்த முறை அழைப்பு ஆடி மாதத்தில் வந்தது. வழக்கமாக மார்ச் கடைசியில்தான் எண்ணுவோம். அப்போது மலையில்கூட வெயில் பல்லைக் காட்டும். ஆடியிலோ பூப்பாறைக்கு மேலே பெய்கிற மழை சாதாரண மழை இல்லை. அங்கே மீன்கள் ஆற்றை விட்டு மரத்தில் ஏறிக் குடியிருக்கும் என்று நான் சொன்னால் என் மருமகள் நம்ப மாட்டாள். ஒரு மீனாவது ஏறியிருக்கும் என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்.

ஆடியில் எண்ணக் காரணம் சுருளிவேல். பூப்பாறைக்கு மேலே இருக்கும் முதலாளியின் மலைக் கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, பொறுப்பாளர் அவர். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் காய்ந்த ஏலக்காயை எடை போட்டு வாங்கி, சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, மூட்டை கட்டி வைத்து, போடிக்குக் கேட்கும்போது அனுப்புவது அவர் சோலி. சொந்த ஊர் போடி பக்கத்து ராசிங்காபுரம். மனைவி ஈஸ்வரி அங்கே, இவர் இங்கே. கல்யாணமான புதிதில் மேலே வந்தவர், மகள் மதுரைக் கல்லூரிக்குப் போன பிறகும் மேலேயேதான் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை கீழே இறங்குவார். காய் எடுக்கும் பருவத்தில் அதுவும் இல்லை.

இப்போது போடி கிட்டங்கிப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் சுருளிவேலுக்கு என்று முதலாளி வாய் திறந்து சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை: மலைக் கிட்டங்கியின் சரக்கை எண்ணி, கம்ப்யூட்டரில் உள்ள இருப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லாமல் அடுத்த பொறுப்பாளர் முத்துப்பாண்டியிடம் ஒப்படைக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியும் வரை யாரும் நகரக் கூடாது. முதலாளி எழுதிய சட்டம் இல்லை அது, நான் எழுதியது. பல வருடங்களுக்கு முன் எழுதி, ரொம்பப் பெருமையாகச் சுவரில் ஒட்டியிருந்தேன்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் கூசியது. அவ்வளவு ஒழுங்கு. மூட்டைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உயரவாரியாக நின்றன. எட்டு எம்.எம்.முக்கு மேற்பட்ட பெருங்காய் ஒரு பக்கம், ஏழிலிருந்து எட்டு எம்.எம். வரையுள்ளது மறு பக்கம், வெடித்துப்போன காய் மூலையில். ஒவ்வொன்றிலும் அட்டை. தரை நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சுத்தம்.

"என்ன சுருளி, கல்யாண வீடா கட்டி வச்சிருக்க?" என்றேன்.

"எண்ணுறதுக்கு வாகா இருக்கட்டுமேன்னுதாண்ணே. போன வாரம் பூரா இதே சோலி. பெருங்காயும் ஏழு எட்டும் ஒரு மூட்டை விடாம வாயைத் திறந்து, தட்டில கொட்டி, தரம் சரியான்னு பாத்து, திரும்பக் கட்டுனேன். யாரும் வந்து 'இதுல சின்னக்காய் கலந்திருக்கு'ன்னு சொல்லிரக் கூடாதுல்ல?"

"வெடிப்புக்காய்?"

"அதைப் போய் யார் பாக்கப்போறா? அது கட்டுன கட்டுலயே கிடக்கு."

முத்துப்பாண்டி பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டான். பொறுப்பேற்க வந்தவன். கம்பளிக்குள் கம்பளி போட்டு, மூன்றாவது கம்பளியைத் தலையில் கட்டியிருந்தான். "அண்ணே, கணக்கு உதைச்சா நான் கீழயே போயிறலாமா?" என்று என்னிடம் காதோடு காதாகக் கேட்டான். அவனுக்குச் சரக்கில் இருந்த ஆசையை ஒரு ஏலக்காய்த் தோலுக்குள் வைத்துக் கட்டிவிடலாம்.

சாயங்காலம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது சுருளிவேல் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரே ஒரு பாறையில்தான் அங்கே செல்போன் சிக்னல். அதில் ஒற்றைக்காலில் நின்றால் இரண்டு புள்ளி, இரண்டு காலில் நின்றால் ஒரு புள்ளி. அவர் ஒற்றைக்காலில் நின்று பேசிய லாவகத்தைப் பார்த்தால், கொக்குகள் அவரிடம்தான் பாடம் படித்திருக்க வேண்டும்.

"கணக்கண்ணே வந்துட்டாக ஈஸ்வரி. நாளைக்கு எண்ணிருவம்… ஆமா… பீர்க்கங்காயா? பறிச்சுறாத. முத்தட்டும். நான் வந்து பறிக்கிறேன்… முத்துனா என்ன, விதைக்கு ஆகுமுல்ல… இல்ல, நீ கொடியில விடு, அம்புட்டுதான்."

போனை வைத்துவிட்டும் அந்தப் பாறையிலேயே நின்றார். கீழே மேகம்தான் தெரிந்தது. அந்த மேகத்துக்குள் ஒரு பீர்க்கங்கொடி தெரிவதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் எத்தனை கூட்டிச் சொன்னாலும் கூட்டிச் சொன்னதாக ஆகாது.

மறுநாள் காலை எண்ணிக்கை. அன்று சரக்கு உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை, கதவில் பூட்டு. கம்ப்யூட்டர் இருப்பு போடி அலுவலகத்தில் சுகன்யாவிடம் இருந்தது. நாங்கள் எண்ணி முடித்துச் சொல்லும் வரை அதை எங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். என்ன இருக்க வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்தால், கண் அதையே பார்க்கும். அவள் கெட்டிக்காரி. "கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேன் அப்பு, கெஞ்சுனாலும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

தராசை முதலில் முத்திரை போட்ட எடைக்கல் வைத்துச் சோதித்தேன், சரியாக இருந்தது. தோட்டக்காரர் கொண்டுவந்த எடையிலேயே கட்டுவதால் மூட்டைக்கு மூட்டை எடை வேறு. எல்லாவற்றையும் தராசில் ஏற்றி, சாக்கு எடையைக் கழித்து, எழுதி, எண்ணிய மூட்டையில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஒருவர் எடை சொல்ல, ஒருவர் எழுத, முத்துப்பாண்டி கோடு போட. அவன் போட்ட கோடுகள் நாமம் மாதிரி இருந்தன. கிட்டங்கி முழுக்க மூட்டைகள் பெருமாள் கோயிலுக்குப் புறப்பட்ட பக்தர்கள் ஆயின.

முதலாளி மத்தியானம் ஜீப்பில் வந்து சேர்ந்தார். நான் பாறையில் ஒற்றைக்காலில் நின்று சுகன்யாவுக்கு எண்ணிக்கையைச் சொன்னேன். அவள் கம்ப்யூட்டர் இருப்பைச் சொன்னாள். இறங்கி வந்து தாளில் கோடு கிழித்து எழுதினேன்.

எட்டு எம்.எம். பெருங்காய்: கம்ப்யூட்டரில் ஐயாயிரம் கிலோ, கையில் ஐயாயிரத்து நூற்றெட்டு. கூடுதல் நூற்றெட்டு. வாங்கிய சராசரி விலை இரண்டாயிரத்து எண்ணூறு வீதம் மதிப்பு மூன்று லட்சத்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

ஏழு எட்டு: கம்ப்யூட்டரில் மூவாயிரம், கையில் மூவாயிரத்து அறுபத்து நான்கு. கூடுதல் அறுபத்து நான்கு. இரண்டாயிரத்து நானூறு வீதம் ஒரு லட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து அறுநூறு.

வெடிப்புக்காய்: கம்ப்யூட்டரில் நானூறு, கையில் முந்நூற்று ஐம்பது. குறைவு ஐம்பது. ஆயிரத்து நானூறு வீதம் எழுபதாயிரம்.

சுருளிவேல் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க 'குறைவு' என்ற சொல்லுக்கு எதிரே போய் நின்றது. "ஐம்பதா?" என்றார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "முந்தாநாள் சாயந்தரம் போன ஜீப்புல ஒரு மூட்டை வெடிப்பு ஏத்திவிட்டேண்ணே. சீட்டும் குடுத்துவிட்டேன்."

சுகன்யாவைக் கேட்டோம். மூட்டை போடியில் இறங்கியிருந்தது; சீட்டு டிரைவர் சட்டைப் பையிலேயே இருந்தது. பதிவாகவில்லை. அதை இந்தக் கணக்கிலிருந்து கழித்ததும் வெடிப்புக்காய் முந்நூற்று ஐம்பதுக்கு முந்நூற்று ஐம்பது, கிராம் பிசகாமல் நின்றது. சுருளிவேல் மூச்சு விட்டார். அந்த மூச்சில் மழை ஒரு அடி பின்வாங்கியது.

"அப்புறம் என்ன? குறைச்சல் இல்லை. கையெழுத்துப் போட்டுறலாமுல்லண்ணே?"

"பொறு" என்றார் முதலாளி. தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அவர் மீசை தானாகவே மேல்நோக்கிப் போனதை நான் பார்த்தேன். "நூத்து எழுபத்திரெண்டு கிலோ கூடுதலா? நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரமா? ஏப்பா சுருளி, என் வாழ்நாள்ல குறைச்சல்தான் பாத்திருக்கேன். போடி கிட்டங்கியில எப்ப எண்ணுனாலும் குறைச்சல். உன் கையில மட்டும் காய் குட்டி போட்டிருக்கு!"

"சாமி புண்ணியம் மொதலாளி" என்றார் சுருளிவேல். இன்னும் அவருக்குப் புரியவில்லை.

"இந்தக் கைராசிய நான் எப்படியப்பா கீழ விடுவேன்? நீ இங்கனயே இரு. சம்பளத்துல ரெண்டாயிரம் போட்டுத் தர்றேன். போடிக்கு முத்துப்பாண்டி போகட்டும்."

முத்துப்பாண்டியின் மூன்று கம்பளிகளும் ஒரே நேரத்தில் துள்ளின. "சரிங்க மொதலாளி! வெரசா கிளம்பிறவா?"

சுருளிவேல் சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். மழைக்குள் நடந்துபோய்ப் பாறையில் நின்றார். இரண்டு காலில். சிக்னல் கிடைக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சும்மா திரும்பி நின்றார், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. என் மேலேயே வந்தது. குறைவு வந்தால் காரணம் கேள் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடுதலுக்கும் அதே அளவு காரணம் கேட்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியவன் நான். இப்போது மீசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"மொதலாளி, கூடுதல் லாபமில்லை. காரணம் தெரியாத வித்தியாசம். நாளைக்கு ஒரு தோட்டக்காரர், 'எங்கிட்ட எடை குறைச்சு எடுத்துத்தான் இது மிஞ்சுச்சு'ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

மீசை பாதி இறங்கியது. "அப்படிக் கேப்பானுகளா?"

"பூப்பாறை டீக்கடையில இன்னிக்குச் சாயந்தரம் கேப்பான். நாளைக்குத் தேவாரம் ஊர்ல யானைகூடக் கேக்கும். நம்ம முத்துப்பாண்டி வாயி அப்படி."

"நான் யார்கிட்டண்ணே சொல்லப்போறேன்?" என்றான் முத்துப்பாண்டி. டீக்கடைக்குப் போய் வந்திருந்தான் ஏற்கெனவே.

நான் யோசிக்க உட்கார்ந்தேன். யோசனைக்குத் துணையாக என் மருமகள் கட்டிக்கொடுத்த முறுக்கை எடுத்தேன். வீட்டில் அந்த முறுக்கைக் கடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன சத்தம் என்று கேட்பார். இங்கே அது கயிறு மாதிரி வளைந்தது. முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், போட வந்தது.

எழுந்துபோய் ஒரு பெருங்காய் மூட்டையின் வாயைத் திறந்தேன். சாக்குக்குள் கறுப்பு பாலிதீன் உள்பை. அதை முறுக்கி இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை, மடித்து மட்டும் விட்டிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மூலையில் வெடிப்புக்காய் மூட்டையைத் திறந்தேன். உள்பை கல் மாதிரி முடிச்சு.

"சுருளி! உள்பையை ஏன் கட்டலை?"

நனைந்து வந்து நின்றார். "நீங்க ஒவ்வொண்ணாத் திறந்து பாப்பீகள்லண்ணே. அவுக்க நேரமாகுமேன்னு மடிச்சு மட்டும் விட்டேன். வெரசா முடிஞ்சா வெரசா இறங்கலாமே."

"தட்டில கொட்டிப் பாத்தப்ப கதவு?"

"வெளிச்சம் வேணுமேன்னு திறந்துதாண்ணே போட்டிருந்தேன். வாரம் பூரா."

வாரம் முழுக்க, மலையைத் தின்கிற மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்து ஏலக்காயோடு குடும்பம் நடத்தியிருக்கிறது. காய்ந்த காய்க்குத் தாகம் அதிகம். குடித்திருக்கிறது. அவர் கீழே இறங்க எவ்வளவு ஆசைப்பட்டாரோ, அவ்வளவும் எடையில் ஏறியிருக்கிறது.

கிட்டங்கியில் ஈரம் பார்க்கும் மீட்டர் இருந்தது. காய் வாங்கும்போது ஒவ்வொரு வரவுக்கும் ஈரம் பார்த்துச் சீட்டில் குறிப்பது வழக்கம். வாங்கியபோது சராசரி நூற்றுக்குப் பதினொன்று. இப்போது பத்துப் பன்னிரண்டு மூட்டைகளில் ஆங்காங்கே கையை விட்டு எடுத்து மீட்டரில் வைத்தோம். பதிமூன்று.

முதலாளிக்கு முன்னால் தாளைத் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டேன். "ரெண்டு தரமும் சேத்து எட்டாயிரம் கிலோவுல நூத்துக்குப் பதினோரு பங்கு ஈரம் போக, காய்ஞ்ச சத்து ஏழாயிரத்து நூத்தி இருபது கிலோ. அது மாறாது. ஈரம் மட்டும் பதிமூணுக்கு ஏறினா, மொத்த எடை எட்டாயிரத்து நூத்தி எண்பத்தி நாலு இருக்கணும். நம்மகிட்ட எட்டாயிரத்து நூத்தி எழுபத்திரெண்டுதான் இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா கூடுதல் இல்லை மொதலாளி. பன்னெண்டு கிலோ குறைச்சல்."

இந்த உலகத்தில் குறைச்சல் என்று கேட்டுச் சிரித்த ஒரே பொறுப்பாளர் சுருளிவேல்தான். நான் அடித்துச் சொல்வேன். சிரிப்பு வந்த வேகத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலரை லட்சம் லாபம் கண்ணெதிரே ஆவியாகிப்போன மனிதருக்கு எப்படி வரும்? "நீ கடுதாசியில போடுற ஓய், கணக்கு. எனக்கு எடை வேணும். காயை ட்ரையர்ல போட்டு உலத்தி, பழையபடி பதினொண்ணுக்குக் கொண்டா. அப்புறம் எடை போடு. நீ சொன்னது வந்தா அவன் இறங்கட்டும். கூடுதல் மிஞ்சுனா இங்கனதான். எப்படியும் பதிமூணுல வச்சா பூஞ்சை பிடிக்கும், உலத்தித்தான் ஆகணும்."

நியாயம்தான். அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

உலர்த்தும் அறை அடுப்பைச் சுருளிவேலே மூட்டினார். வேறு யாரையும் விடவில்லை. சூடு ஏறினால் காயின் பச்சை நிறம் வெளிறும். நிறம் போனால் விலை போகும். சூடு குறைந்தால் ஈரம் போகாது. தட்டு தட்டாகப் பரப்பி, கிளறி, வெளியே எடுத்து, ஆறவிட்டு, மீட்டரில் வைத்து, மறுபடி பரப்பி. நாட்கள் அப்படியே போயின. மழையும் அந்த நாட்களைக் கேட்காமல் பெய்தது. ஒவ்வொரு சாயங்காலமும் பாறையில் ஈஸ்வரியோடு பேச்சு.

"இன்னும் இல்ல ஈஸ்வரி… ஈரம் போகணும்… நான் நனையல, காய்தான் நனைஞ்சிருக்கு… அட, உனக்குச் சிரிப்பா இருக்கு… ஒண்ணும் இல்ல, சும்மாதான் நிக்கிறேன்… பேசு. எதையாவது பேசு."

ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்டப் பேசணுமாம்ணே."

"கணக்கண்ணே," என்றாள் ஈஸ்வரி, "காய்க்கு ஈரம் கூடிருச்சு, குறைஞ்சிருச்சுன்னு இத்தனை தாள்ல எழுதுறீங்களே. இங்க ஒரு ஆள் இத்தனை வருசமாக் குறையுதே, அதை எந்தத் தாள்லண்ணே எழுதுவீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது, சிக்னல் போய்விட்டது என்று பொய் சொன்னது.

இரண்டாவது எடை நாளில் முதலாளி மறுபடி வந்தார். கடைசித் தட்டும் ஆறி, பதினொன்றைக் காட்டி, மூட்டைக்குள் போய், உள்பை இறுகக் கட்டப்பட்டிருந்தது. கதவை அடைத்துக்கொண்டு தராசில் ஏற்றினோம். சுருளிவேல் எடையைப் பார்க்காமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

பெருங்காய் நான்காயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று: குறைவு ஏழு. ஏழு எட்டு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து: குறைவு ஐந்து. மதிப்பு பத்தொன்பதாயிரத்து அறுநூறும் பன்னிரண்டாயிரமும், மொத்தம் முப்பத்தோராயிரத்து அறுநூறு. சலிப்பதிலும் கொட்டுவதிலும் போகிற சேதாரத்துக்கு எங்கள் கடையில் நூற்றுக்கு அரைக் கிலோ வரை அனுமதி. எட்டாயிரத்துக்கு நாற்பது கிலோ வரும்; பன்னிரண்டு அதற்குள் அடக்கம்.

முதலாளி தாளை நெடுநேரம் பார்த்தார். "சாதாரணக் கைதான்" என்றார் வருத்தமாக.

"சாதாரணக் கைதான் மொதலாளி" என்றேன் நானும், முகத்தை இன்னும் வருத்தமாக வைத்துக்கொண்டு.

கையெழுத்துப் போட்டார். வித்தியாசத்தைச் சேதாரத்தில் எழுதி, இருப்பைச் சரிசெய்யச் சுகன்யாவுக்குச் சொன்னேன். முத்துப்பாண்டி கையெழுத்துப் போட்ட வேகத்தில் எழுத்தை எறும்பு முந்தியது. சாவிக்கொத்தைக் கையில் வாங்கியபோது அவன் முகம் அவன் மூன்று கம்பளிக்கும் உள்ளே போய்விட்டது.

ஜீப் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. சுருளிவேல் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். நான் பேசினேன், இருவருக்கும் சேர்த்து. ஜீப் டிரைவர் காதை மூடிக்கொண்டு ஓட்டும் அளவுக்குப் பேசினேன். பாதி மலையில் போன் அடித்தது. ஈஸ்வரிதான்.

"வந்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

"எத்தனை நாளைக்கு?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது. பழக்கத்தில் கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறை அவர் இறங்கும்போதும் கேட்டுக் கேட்டு, அரிசி போட, மாவு அரைக்க அளவு தெரிந்துகொள்ளும் கேள்வி அது. அவரிடம் அதற்கு எப்போதும் ஒரு பதில் இருந்திருக்கும். இப்போது நாள் கணக்கே இல்லை. போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார், நான் சொல்லிக்கொடுப்பேன் என்பது போல.

"சரக்கை ஒப்படைச்சுட்டேன் ஈஸ்வரி" என்றார் கடைசியில்.

ஜீப் ஒரு வளைவைத் தாண்டியது, இன்னொன்றையும் தாண்டியது.

"அப்ப கம்பளி?" என்றாள்.

"முத்துப்பாண்டிகிட்ட விட்டுட்டேன். அவனுக்குத்தான் இனிமே வேணும்."

அதற்குப் பிறகுதான் அவள் நம்பினாள் போலிருக்கிறது. ஒரு மூச்சு கேட்டது, பிறகு அவசர அவசரமாக, "வைங்க, வைங்க. எனக்குச் சோலி கிடக்கு" என்று சொல்லி அவளே போனை வைத்துவிட்டாள்.